ஒரே லேப்டாப், ஒரே வைஃபை, மூன்று கணக்கு: முடக்கிய பிறகு என்ன எழுதுவது?

"வணக்கம் அண்ணா. எங்கள் வீடு ஏற்காடு நாகலூரில். நான், கல்லூரியில் படிக்கும் தங்கை, அம்மா மூன்று பேரும் பணம் தரும் ஒரு சர்வே தளத்தில் தனித்தனியாகக் கணக்கு வைத்திருந்தோம். வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப், ஒரே ஃபைபர் லைன். போன வாரம் மூன்று கணக்கும் ஒரே நாளில் முடங்கிவிட்டன. 'Multiple accounts detected' என்று மட்டும் மெயில் வந்தது. மூன்றிலும் சேர்த்து நாலாயிரம் ரூபாய்க்கு மேல் நிற்கிறது. பக்கத்து வீட்டுச் சித்தியும் எங்கள் வைஃபையில்தான் போனில் செய்கிறார், அவர் கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. தங்கையையும் அம்மாவையும் என் அழைப்பு லிங்க் வழியாகத்தான் சேர்த்தேன். பணம் மூவருக்கும் என் வங்கிக் கணக்குக்கே வரும். தங்கை வாரநாட்களில் சேலம் ஹாஸ்டலில் இருப்பாள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாததால் நாங்கள் உதவுவோம். நாங்கள் மூன்று தனி ஆட்கள் என்று எப்படிப் புரியவைப்பது?"

சித்தியின் கணக்கு தப்பியதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய துப்பாகத் தெரிகிறது. வைஃபை ஒன்றாக இருப்பதுதான் குற்றம் என்றால் அவர் கணக்கும் போயிருக்கும். போகவில்லை. அப்படியென்றால் உங்கள் மூவரையும் ஒரே ஆள் என்று கட்டிப்போட்டது வேறு ஏதோ ஒன்று. அது என்னவென்று தெரியாமல், "ஒரே வைஃபை பயன்படுத்துகிறோம், அதனால் தவறாக நினைத்துவிட்டீர்கள்" என்று எழுதினால், படிக்கிறவர் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

நான் சேலத்திலிருந்தே சில வருடங்கள் இந்த வேலையின் மறுபக்கத்தில் இருந்தவன். இதே மாதிரி ஒரு தளத்துக்கு வரும் மேல்முறையீடுகளைப் படித்து, கணக்கைத் திறக்கலாமா வேண்டாமா என்று குறிப்பு எழுதுவது என் வேலை. அந்த மேசையிலிருந்து பார்த்தால் உங்கள் வீடு எப்படித் தெரியும் என்பதை முதலில் சொல்கிறேன். கடிதம் அதிலிருந்து தானாக வரும்.

அதற்கு முன்னால், இன்றைக்கே கவனிக்க வேண்டியது ஒன்று. சித்தியின் கணக்கை உங்கள் லேப்டாப்பில் ஒரு தடவைகூடத் திறக்காதீர்கள். "அவருடையது வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று திறந்தால், முடங்கிய மூன்றோடு அது நாலாவதாகச் சேர்ந்துவிடும். புதிய மெயில் ஐடியில் புதுக் கணக்கும் தொடங்க வேண்டாம். முடக்கத்துக்குப் பிறகு அதே கருவியிலிருந்து வரும் புதுக் கணக்கை, தடையை மீறி உள்ளே வர முயன்றது என்றுதான் பதிவு செய்வார்கள். நியாயமாகத் திறக்க வேண்டிய பல கணக்குகளை இந்த ஒரு காரணத்துக்காகவே நான் மறுக்க வேண்டி வந்திருக்கிறது.

சரி, அவர்கள் பார்ப்பது என்ன? முதலில் இணைய முகவரி. நம் ஊர் பிராட்பேண்டில் உங்கள் வீட்டுக்கென்று தனிப் பொது முகவரி இருப்பது நிச்சயமில்லை. பழைய வகை முகவரிகள், அதாவது IPv4, உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. அதனால் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும், WAN என்று போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். அந்த எண் 100.64-இல் தொடங்கி 100.127 வரைக்குள் இருந்தால் நீங்கள் அப்படிப் பங்கு போட்ட லைனில் இருக்கிறீர்கள். அந்த எண் வரிசை இந்த வேலைக்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்டது. முன்பின் தெரியாத நாலு வீட்டுக்காரர்களும் வெளியிலிருந்து பார்த்தால் உங்கள் முகவரியிலேயே தெரிவார்கள். மறுபரிசீலனை செய்பவர்களுக்கும் இது தெரியும் என்பதால், முகவரி ஒன்று என்பதை மட்டும் வைத்து நாங்கள் கணக்கை மூடியதில்லை.

புதிய வகையான IPv6-இல் கதை வேறு. உங்கள் லைனில் அது இருந்தால், வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி கிடைக்கும். ஆனால் முன்பாதி எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே இருக்கும். உதாரணத்துக்கு இப்படி:

```
2001:db8:4a:7c00:1d2f:88a1:30b7:9e01   லேப்டாப்
2001:db8:4a:7c00:c5e0:12b9:774d:03fa   சித்தியின் போன்
```

முதல் நாலு துண்டும் ஒன்று, அதாவது ஒரே வீட்டு லைன். பின்பாதி கருவிக்குக் கருவி மாறும், அவ்வப்போது தானாகவும் மாறும். இதில் அக்கம்பக்கத்துக்காரர்கள் கலக்க மாட்டார்கள். ஆகவே "எங்கள் இணைய நிறுவனம் ஊருக்கே ஒரு முகவரி கொடுத்திருக்கிறது" என்ற வாதத்தை, உங்கள் லைன் எந்த வகை என்று பார்க்காமல் எழுதிவிடாதீர்கள். IPv6 பதிவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரியைப் படிப்பவருக்கு, அடுத்த வரிகளின் மேலும் நம்பிக்கை போய்விடும்.

இரண்டாவது லேப்டாப். உங்கள் வீட்டில் இது கனமான சங்கதி. நீங்கள் ஒரு தளத்தைத் திறந்ததும் அது பிரவுசருக்குள் ஓர் அடையாளக் குறியைப் போட்டு வைக்கும். நீங்கள் லாக்அவுட் செய்து, தங்கை அதே பிரவுசரில் லாகின் செய்தாலும் அந்தக் குறி அப்படியே இருக்கும். பதிவில் அது எப்படித் தெரியும் தெரியுமா? ஒரு கணக்கு 4:10-க்கு வெளியேறுகிறது, அதே குறியோடு இன்னொரு கணக்கு 4:11-க்கு உள்ளே வருகிறது, 4:35-க்கு மூன்றாவது. ஒரு ஆள் மூன்று தொப்பியை மாற்றி மாற்றிப் போடுவதும் இதே மாதிரிதான் பதிவில் விழும். குக்கீயை அழித்தாலும், இன்காக்னிட்டோவில் திறந்தாலும் திரையின் அளவு, எழுத்துருக்களின் பட்டியல், கிராபிக்ஸ் கார்டு படம் வரையும் விதம் எல்லாம் சேர்ந்து அதே கருவி என்று காட்டிக்கொடுக்கும். சித்தி தன் போனிலேயே செய்ததால் இந்தச் சங்கிலியில் அவர் வரவில்லை.

மூன்றாவது பணம். மூன்று கணக்கின் பணமும் உங்கள் ஒரே வங்கிக் கணக்குக்குப் போகிறது. கருவி ஒன்றாக இருந்தால் குடும்பமாக இருக்கலாம் என்று யோசிப்போம். பணமும் ஒரே இடத்தில் போய் விழுந்தால், லாபம் ஒரே ஆளுக்கு என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். அதோடு நீங்கள்தான் இருவரையும் அழைப்பு லிங்க் வழியாகச் சேர்த்தீர்கள். அதாவது அவர்கள் சேர்ந்ததற்கு உங்களுக்கு ஊக்கத்தொகை, அவர்கள் செய்த வேலைக்கான பணமும் உங்களுக்கே. உங்கள் மூவரையும் கட்டிய கயிறு இதுதான் என்று நினைக்கிறேன். வீட்டில் இது எவ்வளவு இயல்பு என்பது எனக்குத் தெரியும். தங்கைக்கு வங்கிக் கணக்கு இல்லை, அக்கா கணக்கில் வாங்கிக்கொள்ளலாம் என்பது நம் வீடுகளில் யாரும் இரண்டாவது முறை யோசிக்காத விஷயம். ஆனால் தளத்தின் பக்கமிருந்து பார்க்கும் ஆளுக்கு அக்கா தங்கை உறவு தெரியாது, ஒரு கணக்கு எண் மூன்று முறை வருவது மட்டுமே தெரியும்.

இங்கே நம் பெயர் முறையும் சேர்ந்து குழப்பும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். படிவம் 'Last name' கேட்கும்போது நீங்களும் தங்கையும் அப்பா பெயரைப் போடுவீர்கள், அம்மா கணவர் பெயரைப் போடுவார். மூன்றும் ஒரே பெயர். வங்கிப் புத்தகத்திலோ அதே பெயர் வெறும் தலைப்பெழுத்தாக முன்னால் நிற்கும். வெளிநாட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு, பாதி பொருந்துகிற, பாதி பொருந்தாத ஒரே பெயரின் மூன்று வடிவங்கள். கடிதத்தில் இதற்கு ஒரே ஒரு வரி ஒதுக்குங்கள்: தமிழ்நாட்டில் தந்தை அல்லது கணவர் பெயரைத்தான் கடைசிப் பெயராக எழுதுவோம், வங்கியில் அது முதல் எழுத்தாகச் சுருங்கும் என்று. நான் படித்த கடிதங்களில் இதை யாரும் எழுதியதே இல்லை. எழுதியிருந்தால் சிலருடையதை உடனே திறந்திருப்பேன்.

இனி சர்வே தளத்துக்கே உரிய ஒன்று. வீட்டில் எத்தனை பேர், மாத வருமானம் எவ்வளவு, என்ன வாகனம் இருக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் தொடக்கத்தில் கேட்டிருப்பார்கள். மூவரும் ஒரே முகவரியைக் கொடுத்து, வருமானத்தை மூன்று விதமாகச் சொல்லியிருந்தால், ஒரே ஆள் வெவ்வேறு சர்வேக்குத் தகுதி பெறுவதற்காக மாற்றி மாற்றிப் போட்டது போலத் தெரியும். நீங்கள் உங்கள் சம்பளத்தைச் சொல்லியிருக்கலாம், அம்மா மிளகு, காபி விற்ற காசைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், தங்கைக்குத் தொகையே தெரியாமல் இருந்திருக்கலாம். கடிதம் எழுதும் முன் மூவரும் உட்கார்ந்து, யார் என்ன சொன்னோம் என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வித்தியாசம் இருந்தால் மறைக்க வேண்டாம், ஏன் வந்தது என்று சொன்னால் போதும்.

இப்போது விதிமுறை. தளத்தின் 'Terms' பக்கத்தைத் திறந்து "per person", "per household", "per device" என்ற மூன்று சொற்றொடர்களில் எது இருக்கிறது என்று தேடுங்கள். ஆளுக்கு ஒரு கணக்கு என்று மட்டும் இருந்தால், நீங்கள் மூன்று ஆட்கள் என்று நிரூபித்தால் போதும். வீட்டுக்கு ஒன்று என்றோ கருவிக்கு ஒன்று என்றோ இருந்தால், மூன்று ஆட்கள் என்று நிரூபித்தும் பயனில்லை, விதியை மீறியதாகத்தான் ஆகும். அப்போது கடிதத்தின் கோரிக்கையே மாற வேண்டும்: தெரியாமல் மீறிவிட்டோம், ஒரு கணக்கை மட்டும் வைத்துக்கொள்கிறோம், மற்ற இரண்டையும் மூடிவிடுங்கள், ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட சர்வேக்கான தொகையை மட்டும் தர முடியுமா என்று. சர்வே தளங்களில் வீட்டுக்கு ஒன்று என்ற விதி நிறையவே உண்டு. நீங்கள் சேர்ந்த நாளில் அந்த வரி இருந்ததா என்றும் பாருங்கள். web.archive.org-இல் பழைய பக்கம் கிடைத்தால், அப்போது இல்லாத விதி பின்னால் வந்தது என்று படத்தோடு காட்டலாம்.

ஆளுக்கு ஒன்று என்ற விதிதான் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

மூன்று ஆட்கள் என்பதற்கு எல்லோரும் முதலில் தேடுவது ஆதாரும் பான் கார்டும். அவை வேண்டும்தான், ஆனால் அவை காட்டுவது மூன்று பேர் பிறந்திருக்கிறார்கள் என்பதை மட்டும். அந்த மூன்று பேரும்தான் இந்த மூன்று கணக்கையும் இயக்கினார்களா என்பதே கேள்வி. நாங்கள் பார்த்த மோசடிகளில் பலவும் உண்மையான உறவினர்களின் உண்மையான அடையாள அட்டையோடுதான் வந்தன. ஆகவே அட்டையைவிட வலுவான சான்று, ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நடந்த வேலை. அது உங்களிடம் இருக்கிறது, உங்கள் தங்கை ஹாஸ்டலில் இருப்பதுதான் அது.

அவர் வாரநாட்களில் சேலத்தில் தன் போனில், மொபைல் டேட்டாவில் செய்திருப்பார். அதே சாயங்காலம் நீங்கள் நாகலூரில் லேப்டாப்பில் இருந்திருப்பீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே ஒருத்தி, மேலே ஒருத்தி, இரண்டு கணக்கும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு ஆளால் அப்படிச் செய்ய முடியாது என்று சொல்லிவிட முடியாதுதான், ஒருவரே இரண்டு கருவி வைத்திருக்கலாம். ஆனால் இரண்டு சர்வேயும் ஒரே கால் மணி நேரத்தில் பக்கம் பக்கமாக முன்னேறியிருந்தால், அதுவும் வாரம் தவறாமல் நடந்திருந்தால், சந்தேகப்படுகிறவர் நிறுத்தி யோசிப்பார். மெயிலில் வந்த "சர்வே முடிந்தது" அறிவிப்புகளை இருவரும் எடுத்து, நேரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து நிமிட இடைவெளிக்குள் வரும் நாலைந்து நாட்கள் கிடைத்தால் போதும். தேதியையும் நேரத்தையும் கடிதத்தில் கொடுங்கள், இந்திய நேரம் என்று குறிப்பிடுங்கள். அவர்கள் பதிவு UTC-இல் இருக்கும், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். இதைச் சொல்லாமல் விட்டால், தேடுகிறவருக்கு அந்த நேரத்தில் ஒன்றுமே கிடைக்காது.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. "தங்கை சேலத்தில் இருந்தாள், உங்கள் பதிவில் சேலம் என்று இருக்கும்" என்று எழுதிவிடாதீர்கள். மொபைல் நெட்வொர்க்கின் முகவரியை வைத்து ஊர் சொல்லும் கணக்கு நம் பக்கம் அவ்வளவு சரியாக வராது. சேலத்தில் இருக்கும் போன் சென்னை என்றோ கோவை என்றோ காட்டலாம். "அந்த நேரத்தில் அவள் மொபைல் டேட்டாவில், போனில் இருந்தாள். நான் வீட்டு பிராட்பேண்டில், லேப்டாப்பில் இருந்தேன்" என்று எழுதுங்கள். அது எப்படிப் பார்த்தாலும் பதிவோடு ஒத்துப்போகும்.

அடுத்து அம்மாவின் கணக்கு. இதை எழுதச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். "நாங்கள் உதவுவோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். கேள்வியை நீங்கள் தமிழில் படித்துச் சொல்லி, அம்மா தன் அபிப்பிராயத்தைச் சொல்லி, அதை நீங்கள் கிளிக் செய்தீர்களா? அல்லது அம்மா அடுப்படியில் இருக்க, அம்மா பெயரில் நீங்களே செய்தீர்களா? முதலாவது என்றால் அப்படியே எழுதலாம், சில தளங்கள் ஏற்கும். இரண்டாவது என்றால் அது ஒரே ஆள் இரண்டு கணக்கை இயக்கியதுதான், அந்தக் கணக்கை மூடியது சரிதான். ஒரு பக்கத்துக்கு எத்தனை நொடி எடுத்தது என்று பதிவில் இருக்கும். மொழிபெயர்த்துக் கேட்டுச் செய்தால் நேரம் இரண்டு மடங்காவது ஆகும். அம்மாவின் சர்வேக்கள் உங்கள் வேகத்திலேயே முடிந்திருந்தால், நீங்கள் என்ன எழுதினாலும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அந்த ஒரு பொய் தங்கையின் நியாயமான கணக்கையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அப்படியிருந்தால் அம்மாவின் கணக்கை விட்டுவிடுங்கள் என்பதே என் ஆலோசனை.

கடிதத்தை முடக்கம் பற்றி வந்த மெயிலுக்கே பதிலாக, பதிவு செய்த அதே மெயில் ஐடியிலிருந்து அனுப்புங்கள். நீங்களும் தங்கையும் தனித்தனியாக எழுத வேண்டும், ஒருவர் கடிதத்தில் மற்றவரின் கணக்கைக் குறிப்பிட வேண்டும். ஒரே கடிதத்தைப் பெயர் மட்டும் மாற்றி இரண்டு பேரும் அனுப்பினால், ஒரே ஆள்தான் எழுதுகிறார் என்ற எண்ணம் பலப்படும். ஆகவே தங்கை அவருடைய சொந்த நடையில், அவருடைய போனிலிருந்து எழுதட்டும். ஆங்கிலத்தில்தான் அனுப்ப வேண்டியிருக்கும், சின்னச் சின்ன வாக்கியமாகப் போதும். எனக்கு ஒரு கடிதத்துக்குக் கிடைத்தது சில நிமிடங்கள். ஒரு பக்கத்தைத் தாண்டியதை முழுதாகப் படிக்க நேரம் இருந்ததில்லை. உங்களுடைய கடிதம் தமிழில் இப்படி அமையலாம்:

"என் கணக்கு, என் தங்கையின் கணக்கு, என் அம்மாவின் கணக்கு மூன்றும் ஒரே நாளில் முடக்கப்பட்டன. நாங்கள் ஒரே வீட்டில் வசிக்கும் மூன்று பேர். மூன்று கணக்கின் மெயில் ஐடியும் கீழே இருக்கின்றன.

எங்களிடம் ஒரு லேப்டாப்தான் உண்டு. ஒருவர் முடித்ததும் அடுத்தவர் அதே பிரவுசரில் உள்ளே வருவோம். உங்கள் பதிவில் இது தெரியும். தங்கை திங்கள் முதல் வெள்ளி வரை கல்லூரி விடுதியில் இருக்கிறாள், அந்த நாட்களில் தன் போனில், மொபைல் டேட்டாவில் செய்கிறாள். கீழ்க்கண்ட நாட்களில் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு கருவியில், வெவ்வேறு இணைப்பில் இருந்தோம். நேரங்கள் இந்திய நேரம், UTC-ஐ விட ஐந்தரை மணி முன்னால்.

தங்கைக்குச் சொந்த வங்கிக் கணக்கு இல்லாததால் அவள் பணத்தை என் கணக்கில் பெற்றோம். இது தவறு என்று அப்போது தெரியவில்லை. அவள் இப்போது தன் பெயரில் கணக்கு தொடங்கியிருக்கிறாள். இருவரையும் நான்தான் அழைப்பு லிங்க் வழியாகச் சேர்த்தேன். அதற்கு எனக்கு வந்த ஊக்கத்தொகையைக் கழித்துக்கொள்ளலாம்.

அம்மாவின் கணக்கில் சர்வேக்களை அவர் சார்பில் நான் நிரப்பினேன். அந்தக் கணக்கைத் திறக்கும்படி கேட்கவில்லை. என் கணக்கையும் தங்கையின் கணக்கையும் மறுபடி பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வேண்டுமானால் இருவரும் நேரலைக் காணொளியில் அடையாளத்தைக் காட்டத் தயார்."

இதில் அம்மாவைப் பற்றிய வரியை உங்கள் வீட்டில் உண்மையில் நடந்ததற்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு வரியை, தங்கை உண்மையிலேயே கணக்குத் தொடங்கிய பிறகுதான் எழுத வேண்டும். குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு வங்கிகளில் உண்டு, அதுவே போதும். கணக்குப் பெயரில் தலைப்பெழுத்து எப்படி வருகிறதோ, தளத்திலும் முடிந்தவரை அதேபோல இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் எதை விட்டிருக்கிறேன் என்பதையும் கவனியுங்கள். "நாங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை" என்ற வரி இல்லை, ஏனென்றால் பணம் வாங்கிய விதத்தில் தவறு இருக்கிறது. குடும்பக் கஷ்டம் இல்லை. அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் படிப்பவர் முடிவு செய்ய வேண்டிய கேள்விக்கு அது பதில் ஆகாது. போலீஸ், வழக்கு என்ற மிரட்டலும் இல்லை. அந்தச் சொற்கள் வந்தால் எங்கள் இடத்தில் கடிதத்தைச் சட்டப் பிரிவுக்கு அனுப்பிவிட வேண்டும், அதோடு நம் கை விட்டுப் போய்விடும். "யாரோ ஹேக் செய்துவிட்டார்கள்" என்பதை ஒருபோதும் எழுத வேண்டாம்.

இணைக்க வேண்டியவை குறைவு. தங்கையின் விடுதி அட்டை அல்லது கட்டண ரசீது, இருவரின் அறிவிப்பு மெயில்களின் படம், ரவுட்டரின் WAN பக்கம் நான் சொன்ன வரிசையில் இருந்தால் அதன் படம். குடும்ப அட்டையில் மூவரின் பெயரும் இருக்கும், நல்ல சான்றுதான், ஆனால் தமிழில் இருப்பதால் யார் பெயர் எது என்று பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதுங்கள். ஆதார் கேட்டால், கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைத்த வடிவத்தை UIDAI தளத்திலிருந்து எடுத்துக் கொடுங்கள், அதையும் அவர்களுடைய சொந்தப் பக்கத்தில் மட்டும் ஏற்றுங்கள். "கணக்கைத் திறந்து தருகிறேன், ஆதார் அனுப்புங்கள், ஐந்நூறு ரூபாய் கட்டுங்கள்" என்று டெலிகிராமில் வருகிறவர்களால் எதையும் திறக்க முடியாது. பணம் கொடுத்து ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிட வேண்டும்.

அனுப்பிய பிறகு பத்து வேலை நாள் விடுங்கள். அப்புறம் அதே மெயில் தொடரில் இரண்டு வரி நினைவூட்டல் ஒன்று. தினமும் புது டிக்கெட் போட்டால் எல்லாம் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, பல இடங்களில் வரிசையில் பின்னால் போய்விடும். "முடிவு இறுதியானது" என்று பதில் வந்தால், கணக்கைத் திறக்கச் சொல்லி மறுபடி எழுத வேண்டாம். முடக்கத்துக்கு முன்பே ஏற்றுக்கொண்டுவிட்ட சர்வேக்களின் தொகையை மட்டும், தேதியோடு பட்டியல் போட்டு ஒரே ஒரு முறை கேளுங்கள். நான் இருந்த இடத்தில் கணக்கைத் திறக்க முடியாது என்று முடிவான பிறகும் அந்தத் தொகையை விடுவித்த சம்பவங்கள் உண்டு, ஏனென்றால் அதற்கு ஒப்புதல் கொடுக்கும் ஆள் வேறு.

கணக்கு திரும்பக் கிடைத்தால், லேப்டாப்பில் உங்களுக்கும் தங்கைக்கும் தனித்தனி விண்டோஸ் பயனர் உருவாக்குங்கள், ஒருவர் குறி மற்றவர் மேல் ஒட்டாது. கருவி ஒன்றுதான் என்பது அப்போதும் தெரியும், தெரியட்டும், அதைத்தான் கடிதத்தில் சொல்லிவிட்டீர்களே. அதை மறைக்க விபிஎன் போடாதீர்கள். விபிஎன் முகவரிகள் பெரும்பாலும் தரவு மையங்களுடையவை, பார்த்த உடனே தெரியும், குடும்பம் என்று நீங்கள் சொன்ன விளக்கத்தை அதுவே கெடுத்துவிடும். முடிந்தால் தங்கை சனி, ஞாயிறு வீட்டுக்கு வரும்போதும் தன் போனிலேயே செய்யட்டும். சித்தி இத்தனை நாளும் செய்துகொண்டிருப்பது அதுதான்.